கேட்ட பாட்டைத் தராத ரேடியோ

ஒரு பாடலையோ கலைஞரையோ தொடக்கமாகக் கொடுத்தால், அதையொத்த பாடல்களைச் சேவையே தேர்ந்து அடுத்தடுத்து ஒலிக்கவிடும் வசதி பாடல் ரேடியோ என்றும் ஆர்ட்டிஸ்ட் ரேடியோ என்றும் வழங்குகிறது. பிளேலிஸ்டோ ஒருவர் வரிசைப்படுத்தி வைத்து, அவரே மாற்றும்வரை மாறாதிருக்கும் பட்டியல். ரசனையைக் கணிக்கும் தொழில்நுட்பம் வளர்ந்ததால் பிறந்ததே இந்த ரேடியோ என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அமெரிக்காவின் பண்டோரா சேவையில் ஒரு பாடலைச் சொல்லி ரேடியோ தொடங்கியவருக்கு அந்தப் பாடல் வராமல் அதன் சாயலில் வேறொன்று வந்தது ஏன் என்று கேட்டால், அந்தக் கதை வாயடைத்துப் போகிறது.

விடையைத் தேடுவோர் முதலில் சென்று சேரும் இடம், பண்டோராவின் பாடல் தேர்வுக்கு அடிப்படையாக அமைந்த, 2000-இல் தொடங்கிய ‘மியூசிக் ஜீனோம் புராஜெக்ட்’. இசைப் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு பாடலையும் காதால் கேட்டு, தாளம், குரலின் தன்மை, கருவிகள் என நானூற்றுக்கும் மேற்பட்ட கூறுகள்வரை மதிப்பிட்டுப் பதிந்த இப்பெருமுயற்சி, எந்தப் பாடலுக்கு எது நெருக்கம் என்பதை அழகாகவே விளக்குகிறது. தேடல் முட்டி நிற்பதும் இங்கேதான்: ஒரு பாடலுக்கு மிக நெருக்கமானது அதே பாடல்தான் என்னும்போது, அதைத் தள்ளிவைக்க இசைக்கணக்கில் காரணமே கிடையாது.

காரணம் 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வோர் இசை நிறுவனத்துடனும் பேரம் பேசாமல், சட்டம் வகுத்த கட்டணத்தைச் செலுத்தி இணையத்தில் பாடல்களை ஒலிபரப்ப அது வழிவிட்டது. ஆனால் கேட்பவர் விரும்பிய பாடலை விரும்பியபோது தருவதற்கு, பண்டோரா சார்ந்திருந்த அந்த உரிமம் செல்லாது. எந்த மூன்று மணி நேரத்திலும் ஒரே கலைஞரின் பாடல்கள் நான்குக்கு மேல் வரலாகாது, வரவிருக்கும் பாடல்களின் பட்டியலை முன்கூட்டி வெளியிடலாகாது என்பவையும் அதன் நிபந்தனைகள். பாடலுக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால் மூன்று மணி நேரத்தில் 45 பாடல்கள் ஒலிக்கும். அவற்றில் நான்கு மட்டுமே ரேடியோவுக்குப் பெயர் தந்த கலைஞருடையவை, மீதி 41 பிறருடையவை. ஆர்ட்டிஸ்ட் ரேடியோவில் அந்த ஆர்ட்டிஸ்டையே காணோம் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்மையில் நொந்துகொள்ள வேண்டியது சட்டத்தைத்தான்.

இவ்வெல்லை நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. பண்டோராவுக்கு முன்பே இயங்கிய ‘லாஞ்ச்காஸ்ட்’, பயனர் இட்ட மதிப்பெண்களைக் கொண்டு அவரவருக்கென 50 பாடல்களை அவ்வப்போது தொகுத்தளித்தது. இது விரும்பியதைத் தரும் சேவையே என இசை நிறுவனங்கள் வழக்காடின. அடுத்து எது வரும் என்று பயனரால் அறிய முடியாததால் இதற்காக அவர் இசைத்தட்டு வாங்குவதைக் கைவிட மாட்டார் என்று கருதிய மேல்முறையீட்டு நீதிமன்றம், 2009-இல் அச்சேவையின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்து வருவது தெரியாதிருத்தலே ரேடியோவின் சட்ட இலக்கணம் ஆயிற்று.

இசை நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொண்ட ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றில் பாடல் ரேடியோவைத் திறந்தால் பாடல்கள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிகின்றன, வேண்டியதைத் தொட்டுக் கேட்கலாம், விரும்பினால் சேமித்தும் வைக்கலாம். வரிசையைத் தொகுப்பது சேவையே என்பதும், பின்னொரு நாள் திறக்கும்போது அது மாறியிருக்கலாம் என்பதும்தான் பிளேலிஸ்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் மிச்ச அடையாளங்கள்.