இது ரெண்டு புள்ளையா?

கவியரங்கில் என்னை அறிமுகப்படுத்த அறுபது சொற்களுக்குள் ஒரு குறிப்புக் கேட்டார்கள். எழுதி நான்கு பேரிடம் காட்டினேன்.

"மாகாணப் போட்டிப் பரிச முதல்ல போடுங்க மகள்" என்றார் வாப்பா. தமிழ் டீச்சரோ, பரிசு முன்னால் வந்தால் தற்பெருமையாகத் தெரியும் என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, பிழையாக இருந்த ஆண்டையும் திருத்தினார். ராத்தா 'நான்' என்று எழுதச் சொன்னார். தோழி 'இளங்கவி' என்று ஒரு பட்டமே தந்துவிட்டாள். (பட்டங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன போலும்!)

எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்க் குறிப்பு 94 சொற்களாகியது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'இவர் தரம் 10இல் கற்கிறார்' என்று தொடங்கி, 'எனக்குக் கடல் பிடிக்கும்' என்று முடிந்தது.

"இது ரெண்டு புள்ளையா?" என்றார் உம்மா.

அதன்பின் திருத்தங்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். ஆண்டுப் பிழையை அப்படியே ஏற்றுக்கொண்டேன். மற்றவை அவரவர் விருப்பங்கள். அவற்றிடம் ஒன்றையே கேட்டேன்: மேடையில் இதை வாசிக்கப்போவது யார்? அறிவிப்பாளர். அவர் வாயில் 'நான்' பொருந்தாது, நீக்கினேன். பட்டமும் போயிற்று. பரிசு விடயத்தில் வாப்பா சொன்னதும் சரி, டீச்சர் சொன்னதும் சரி. ஆகவே அதை எந்த அடைமொழியும் இன்றி இரண்டாம் வசனத்தில் வைத்தேன்.

பழைய தாளில் ஒட்டுப்போடாமல், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் ஒரே மூச்சில் புதிதாக எழுதினேன். 52 சொற்கள்.

வாப்பா இரண்டு தரம் வாசித்தார். "நல்லாயிருக்கு. ஆனா முதல்ல போட்டிருக்கலாம்" என்றார்.