தீமைப் பிரச்சினையும் உயர்தர வகுப்பும்

ஹெவ்லொக் டவுனில் சைவரும் கிறிஸ்தவரும் ஒருங்கே பயிலும் உயர்தர வகுப்பொன்றில், ஆசிரியர் முதலில் மூன்று கூற்றுகளையே கரும்பலகையில் எழுதல் வேண்டும்: இறைவன் எல்லாம் வல்லவன்; முற்றும் நல்லவன்; ஆயினும் தீமை உண்டு. முரண்பாட்டை மாணவரே கண்டுகொள்வர். ஒருவர் இறைவனின் வல்லமையைக் குறைத்துரைப்பின், அது முரணைத் தீர்ப்பதன்று, ஒரு கூற்றைக் கைவிடுவதே எனச் சுட்டவேண்டும்.

அடுத்து, அம்மாணவர் பிறப்பதற்கு முன்னரே, 2004 டிசெம்பர் 26இல், இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலையை எடுத்துக்கொள்க. மனிதன் தன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதே தீமைக்குக் காரணம் என்னும் விடை, கொலைக்குப் பொருந்தும். கடலடி நிலநடுக்கத்துக்கு எளிதிற் பொருந்தாது. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் என்னும் ஐரேனியஸ் வழிவந்த விடையோ, அலையில் மாண்ட கைக்குழந்தையிடம் தடுமாறுகிறது. மறுமையைத் துணைக்கழைத்தாலன்றி அது நிற்காது.

சைவசித்தாந்தத்தின் கன்மக் கொள்கை முற்பிறவியைக் கூறி இவ்விடரைக் கடக்கிறது. ஆனால் இங்கேதான் வகுப்புத் தடம்புரளும். “அப்படியாயின் முல்லைத்தீவிலே மாண்டவர்கள் பாவிகளா, சேர்?” என ஒருத்தி கேட்கக்கூடும், அவளது உறவினரே மாண்டிருக்கவுங்கூடும். துன்பத்துக்குக் காரணம் கூறுவது வேறு, துன்புற்றவரைக் குற்றஞ்சாட்டுவது வேறு என்பதை ஆசிரியர் அக்கணமே பிரித்துரைத்தல் வேண்டும். அதன் பின்னரும் அவள் வினா முழுமையாகத் தீர்ந்துவிடாது. அதனைக் கரும்பலகையில் நான்காவது வரியாக எழுதிவிட்டு, மணி அடிக்கும்வரை வகுப்பை வாதிக்க விடலாம்.