கை விழுந்த பின்னர் வரும் மத்தள ஒலி

கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி, தொலைபேசியிலேயே பார்க்கும்போது குறையின்றி ஓடுகிறது. அதையே கணினியில் தொகுப்பு மென்பொருளொன்றில் இட்டதும் உதடும் குரலும் மெல்லப் பிரிந்து விடுகின்றன. குறிப்பேட்டுக்குப் பதிலாகத் தொலைபேசியை ஏந்தித் திரியும் இளைய செய்தியாளர்கள் பலரிடமிருந்து இந்த முறைப்பாட்டைக் கேட்டிருக்கிறேன்.

அவர்களில் ஒருவர் அண்மையில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பதிவை அனுப்பிவைத்தார். எண்பது வயதைக் கடந்த வடமோடிக் கூத்து அண்ணாவியார் ஒருவருடனான 40 நிமிட உரையாடல் அது. வீட்டு விறாந்தையில் பிற்பகலில் தொடங்கி, பொழுது சாயும் வேளையில் முடிந்திருக்கிறது. கடைசிப் பத்து நிமிடங்களில் பெரியவர் மத்தளத்தை மடியில் வைத்து வரவுத் தாளங்களை வாசித்துக் காட்டுகிறார். அவரை இன்னொரு தடவை உட்காரவைத்துப் பதிவுசெய்ய அவரது உடல்நிலை இடம்தராது. தொகுப்பு மென்பொருளிலோ, முடிவை நெருங்கும்போது கை தோலில் விழுந்து ஆறு விநாடிகள் கழித்தே ஒலி வந்தது. பேச்சிலே இத்தகைய பிசகைச் சிலர் கவனியாமல் விடக்கூடும். தாளத்தில் அது மறைவதில்லை.

காரணம் வெளிச்சம். ஒரு விநாடிக்கு 30 படங்கள், அதாவது 30 பிரேம்கள் எடுப்பதாகத் தொலைபேசி சொல்லிக்கொண்டாலும் அந்த எண்ணிக்கையை அது கண்டிப்பாகக் காப்பதில்லை. ஒளி மங்கினால் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியைச் சேகரிக்கிறது. அதனால் அந்த விநாடியில் எடுக்கப்படும் பிரேம்கள் குறைகின்றன. கருவி சூடேறினாலும் சில பிரேம்கள் தவறிப்போவதுண்டு. ஆனால் ஒவ்வொரு பிரேமும் எந்தக் கணத்துக்குரியது என்ற நேரக்குறிப்பு கோப்பினுள் எழுதப்படுகிறது. காணொளியை ஓடவிடும் மென்பொருள் அந்தக் குறிப்பை மதிப்பதால் அங்கே பிசகு தெரிவதில்லை. தொகுப்பு மென்பொருள்களுள் சில அதைப் பொருட்படுத்தாமல், விநாடிக்கு முப்பது என்று பிரேம்களை வரிசையாக அடுக்கிவிடுகின்றன. ஒலியோ சீரான வேகத்திலேயே பதிவாகியிருக்கிறது.

நண்பரின் கோப்பில் 40 நிமிடங்களுக்கு 72,000 பிரேம்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை 71,820. குறைந்த 180 பிரேம்களை முப்பதால் வகுத்தால் அந்த ஆறு விநாடிகள் வந்துவிடும். குறைவு முழுவதும் இருள் கவிந்த கடைசிப் பத்து நிமிடங்களிலேயே நேர்ந்திருந்தது. படம் முந்திக்கொள்ள, ஒலி பின்தங்கியது.

நண்பர் செய்த முதல் வைத்தியம், ஒலி முழுவதையும் சீராக ஆறு விநாடிகள் சுருக்கியது. முடிவு பொருந்தியது, அதுவரை சரியாக இருந்த முப்பதாவது நிமிடம் நாலரை விநாடிகள் பிசகியது. நோயை இனங்காண இதுவே நல்ல வழி என்பேன். பிசகு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவானால் ஒலியை நகர்த்தினால் போதும். ஒரே சீராக வளர்ந்தால் நீட்டலாம், சுருக்கலாம். ஓரிடத்தில் இல்லாமலிருந்து இன்னோரிடத்தில் வளர்ந்தால், பிரேம் வேகம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்றிருக்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கண்டவுடன் பதற்றப்படத் தேவையில்லை. தொலைபேசிக் கோப்புகள் பெரும்பாலானவை அப்படித்தான் காட்டும். கீழேயுள்ள `Minimum frame rate`, `Maximum frame rate` ஆகிய இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால்தான் சந்தேகிக்கவேண்டும்.

மருந்து, தொகுக்கத் தொடங்குமுன் கோப்பை மாறா வேகத்துக்கு மாற்றிக்கொள்வது. நான் அனுப்பிய கட்டளை இது:

```
ffmpeg -i koothu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy koothu30.mp4
```

இதிலுள்ள `fps=30` நேரக்குறிப்புகளைப் படித்து, பிரேம் இல்லாத இடத்தில் முந்திய பிரேமையே மறுபடியும் வைக்கிறது, ஒலியைத் தொடுவதில்லை. கட்டளை எழுதப் பழக்கமில்லாதவர்கள் ஹான்ட்பிரேக் மென்பொருளில் 30 என்பதையும் `Constant Framerate` என்பதையும் தெரிவுசெய்யலாம். நமது தொலைக்காட்சிக்கு 25 தானே என்று இங்கேயே 25 ஆக்கிவிடக் கூடாது. ஆறு பிரேம்களில் ஒன்று கழிந்து, கையசைவு வெட்டி வெட்டி ஓடும்.

மாற்றிய கோப்பில் 72,000 பிரேம்கள் இருந்தன. அவற்றில் 180 வெறும் பிரதிகள். எடுக்கப்படாத பிரேமை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. வேகமான சொற்கட்டுகளில் விரல்கள் ஒரு கணம் உறைவதை உற்றுப் பார்த்தால் காணலாம். மறுபடி குறியாக்கம் செய்வதால் தரமும் சற்றுக் குறையும் என்பதால் மூலக் கோப்பை அழிக்கவே கூடாது.

நண்பருக்கு ஒரு வருத்தம் மிஞ்சியது. பழைய கோப்பைக் கொண்டு இரண்டு நாட்கள் வெட்டி ஒட்டியிருந்தார். புதிய கோப்பை அதே இடத்தில் வைத்தபோது, முப்பதாவது நிமிடத்துக்குப் பிந்திய வெட்டுகள் எல்லாம் இடம்மாறி நின்றன. மத்தளப் பகுதியை மட்டும் அவர் முதலிலிருந்து தொகுத்து அனுப்பினார். கையும் ஒலியும் சேர்ந்தே விழுகின்றன.