வேதபாடக் குழுவில் தலைவர் எவ்வளவு பேசணும்? (நீளமான இழை)

குழுத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறதைப் பத்தி போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். "விவரமா எழுதுங்க டாக்டர்"னு நிறைய பேர் கேட்டீங்க. எழுதுறேன். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

சபைக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. வேதபாடக் குழுன்னா எட்டுப் பத்துப் பேர் வாரத்துல ஒரு நாள் யாரோ ஒருத்தர் வீட்டுல கூடி, பைபிள்ல ஒரு பகுதியை வாசிச்சு, அதைப் பத்திப் பேசுறது. பாஸ்டர் இருக்க மாட்டார். ஒரு வாத்தியாரோ, பேங்க்ல வேலை பார்க்கிறவரோ, ஒரு இல்லத்தரசியோ நடத்துவாங்க. பேசுறதுதான் நோக்கம். ஆனா பெரும்பாலான குழுக்கள்ல நடக்கிறது என்னன்னா, தலைவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார், மத்தவங்க தலையாட்டுவாங்க, ஜெபம், சுண்டல், கிளம்பிடுவாங்க.

மருத்துவத்துல இந்த வியாதிக்குப் பழைய ஆய்வு ஒண்ணு இருக்கு. 1984-ல் பெக்மன், ஃப்ராங்கல்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளி தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பிச்சதும் டாக்டர் எத்தனை நேரத்துல குறுக்கிடுறார்னு பதிவு பண்ணிப் பார்த்தாங்க. சராசரியா 18 விநாடி. அதுக்குள்ள டாக்டர் "காய்ச்சல் இருக்கா? வாந்தி இருக்கா?"ன்னு ஆரம்பிச்சிடுறார். அதுக்கப்புறம் நோயாளி "ஆமா", "இல்ல"ன்னு மட்டும்தான் சொல்வார். அவர் எதுக்காக வந்தாரோ அது பல சமயம் வெளியவே வராது. அதனாலதான் மருத்துவ மாணவர்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிற கேள்வி, "என்ன பண்ணுது, சொல்லுங்க." கேட்டுட்டு வாயை மூடிக்கணும். குழுத் தலைவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு உதாரணத்தை மட்டும் முழுசாப் பார்ப்போம். எங்க பயிற்சிக்கு ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வந்தார். எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். நல்ல அறிவு, நல்ல மனசு. மாற்கு 10-ம் அதிகாரக் கடைசியில வர்ற பர்திமேயு கதைக்குத் தயாரிச்சு வந்திருந்தார். எரிகோ ஊரை விட்டு இயேசு கிளம்பும்போது வழியோரத்துல பிச்சை எடுக்கிற ஒரு பார்வையற்றவன் சத்தம் போட்டுக் கூப்பிடுறான்; கூட்டம் அதட்டுது; அவன் இன்னும் சத்தமாக் கூப்பிடுறான்; இயேசு நின்னு அவனை அழைக்கிறார். ஏழே வசனம். அண்ணன் நோட்டுல நாலு பக்கம், பதினாலு பாயிண்ட்.

பயிற்சியில நாங்க முதல்ல செய்றது, பத்து நிமிஷம் நடத்தச் சொல்லிட்டு ஒரு காகிதத்துல வட்டம் போட்டு எல்லார் பேரையும் சுத்தி எழுதுறது. யார் யாரைப் பார்த்துப் பேசினாலும் ஒரு கோடு. அண்ணனோட காகிதம் சைக்கிள் சக்கரம் மாதிரி இருந்துச்சு. எல்லாக் கோடும் அவர்கிட்ட இருந்து கிளம்பி அவர்கிட்டயே முடியுது. உறுப்பினர் ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்துப் பேசின கோடு ஒண்ணு கூட இல்ல. அதைக் காட்டினதும் அவர் சொன்னார், "நானும் கேள்வி கேட்டேனே டாக்டர்!"

கேட்டார்தான். "பர்திமேயு யாருடைய மகன்?" இது பரீட்சைக் கேள்வி, வசனத்துலயே பதில் இருக்கு. "அவனுக்கு விசுவாசம் இருந்துச்சு, இல்லையா?" இது கேள்வியே இல்ல, கடைசியில வளைச்ச வாக்கியம். "அவன் மேல்வஸ்திரத்தை எறிஞ்சது எதைக் காட்டுது?" இதுதான் மூணுலயும் ஆபத்தானது. பார்க்க நல்லா திறந்த கேள்வி மாதிரி இருக்கும். ஆனா அவர் மனசுல "பழைய வாழ்க்கையை விட்டான்"னு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கு. ஒருத்தர் "அவசரத்துல எறிஞ்சிருப்பான்"னு சொன்னார். "ம்ம்... வேற யாராவது?"ன்னார் அண்ணன். இன்னொருத்தர் வேற ஏதோ சொன்னார். "ம்ம்... வேற?" மூணாவது தடவை யாரும் வாயைத் திறக்கல. அவரே பதிலைச் சொல்லிட்டார். நம்ம ஊர்ல படிச்ச எல்லாருக்கும் இந்த விளையாட்டு தெரியும். சார் மனசுல இருக்கிறதைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. தெரியலைன்னா தலையைக் குனிஞ்சுக்கணும்.

நான் சொல்ற சோதனை ஒண்ணுதான். கேள்வியை எழுதிட்டு, நியாயமான ரெண்டு மூணு பதிலை நீங்களே எழுதிப் பாருங்க. எல்லாமே பகுதியை வச்சு நிற்கக்கூடிய பதிலா இருக்கணும். ஒரே ஒரு பதில்தான் சரின்னா அது மூடின கேள்வி. எந்தப் பதிலும் சரின்னா ("இதைப் படிச்சதும் என்ன தோணுது?") அது ரொம்பத் திறந்துடுச்சு. ஆளாளுக்கு ஒரு ஊருக்குப் போயிடுவாங்க, பைபிளை மூடி வச்சிடலாம்.

அண்ணனும் நானும் உட்கார்ந்து நாலு பக்கத்தை அஞ்சு கேள்வியாச் சுருக்கினோம். கஷ்டமாத்தான் இருந்துச்சு அவருக்கு. ஒவ்வொரு பாயிண்டையும் அடிக்கும்போது சொத்து எழுதிக் கொடுக்கிற மாதிரி பார்த்தார்.

முதல் கேள்வி: இந்த இடத்துல நீங்க நின்னிருந்தா என்னென்ன சத்தம் கேட்டிருக்கும், என்னென்ன பார்த்திருப்பீங்க? இது கவனிக்க வைக்கிற கேள்வி. எல்லாராலயும் பதில் சொல்ல முடியும், யாருக்கும் தப்பாப் போகாது. புதுசா வந்தவங்க வாயைத் திறக்கிறது இதுலதான். ரெண்டாவது: கூட்டம் அவனை ஏன் அதட்டியிருக்கும்? மூணாவது: இயேசு தானே அவன்கிட்ட போகாம, அவனைக் கூப்பிடச் சொல்லி மத்தவங்ககிட்ட சொல்றார். அதனால அங்க என்ன மாறுது? நாலாவது: பார்வையில்லாத ஒருத்தன்கிட்ட, உனக்கு நான் என்ன செய்யணும்னு இயேசு ஏன் கேட்கிறார்? இதே அதிகாரத்துல கொஞ்சம் முன்னாடி யாக்கோபும் யோவானும் வந்தப்பவும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். ரெண்டு பதிலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, என்ன தெரியுது? (அவங்க கேட்டது வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம். பதினாலு பாயிண்ட்ல இது இல்லவே இல்ல.) அஞ்சாவது கேள்வியை கடைசிக்கு வச்சோம்: இந்தக் கதையில நீங்க எந்த இடத்துல நிக்கிறீங்க?

அண்ணன்கிட்ட சொன்ன இன்னொரு விஷயம், கேட்டுட்டு பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்பறைகள்ல இதை அளந்தாங்க. கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியா ஒரு விநாடிதான். அதை மூணு விநாடிக்கு மேல ஆக்கினப்போ பிள்ளைகளோட பதில் நீண்டுச்சு, வழக்கமாப் பேசாத பிள்ளைகளும் பேசினாங்க. நான் பத்துன்னு சொல்றதுக்குக் காரணம், பதட்டத்துல எல்லாரும் வேகமா எண்ணுவாங்க. பத்து சொன்னாத்தான் அஞ்சாவது நடக்கும். அந்த நேரத்துல கேள்வியை மாத்திக் கேட்கக் கூடாது. பாதி யோசிச்சவங்க மறுபடி முதல்ல இருந்து யோசிக்கணும். கண்ணைக் கீழே வசனத்துல வச்சுக்கோங்க. நீங்க முகத்தையே பார்த்துட்டிருந்தா அது இன்டர்வியூ மாதிரி ஆயிடும்.

அந்த வாரம் அண்ணன் குழுவுல ஓரமா நானும் இருந்தேன். இனி சொல்றதை அந்த அக்காவோட சம்மதத்தோட, அடையாளங்களை மாத்தித்தான் எழுதுறேன்.

ரெண்டாவது கேள்வி கேட்டார். அமைதி. அண்ணன் விரல் நோட்டை நோக்கிப் போறது தெரிஞ்சுச்சு, நல்லவேளை நிறுத்திக்கிட்டார். ஒருத்தர் "பிச்சைக்காரன்தானேன்னு நினைச்சிருப்பாங்க" என்றார். இன்னொருத்தர் "இயேசு ஏதாவது பேசிட்டு நடந்திருப்பார், அதைக் கேட்க விடாம கத்துறான்னு கோபம் வந்திருக்கும்" என்றார். மறுபடி அமைதி. அப்போ, ரெண்டு வருஷமா வந்து ஒரு வார்த்தை பேசாத அக்கா ஒருத்தங்க, தலையைத் தூக்காமலே சொன்னாங்க. "ஆராதனை நடக்கும்போது என் பையன் சத்தம் போடுவான். வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு வருஷமா நாங்க வேப்பமரத்தடியிலதான் உட்கார்றோம்."

பையனுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. அந்த அறையில இருந்த பாதிப் பேருக்கு அப்படி ஒரு பையன் இருக்கிறதே தெரியாது.

இந்த இடத்துலதான் பயிற்சி வேணும். பழைய அண்ணனா இருந்தா ரோமர்ல இருந்து ஒரு வசனம், பொறுமையைப் பத்தி அஞ்சு நிமிஷம். அக்கா கண்ணைத் துடைச்சிக்கிட்டு மறுபடி ரெண்டு வருஷம் பேசாம இருந்திருப்பாங்க. அவர் என்ன செஞ்சார்னா, கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பையன் பேரு என்னம்மா?"ன்னு கேட்டார். சொன்னாங்க. அப்புறம், "அங்க உட்கார்ந்தா உள்ள நடக்கிறது கேட்குதா?"ன்னு கேட்டார். "பாட்டு கேட்கும். பாட்டுக்கு அவன் கை தட்டுவான்." அவ்வளவுதான். மூணாவது கேள்விக்கு அண்ணன் போகவே வேண்டியிருக்கல. பேங்க்ல வேலை பார்க்கிறவர் தானாவே வசனத்தைப் பார்த்துட்டு, "கூப்பிடுங்கன்னு அதட்டினவங்ககிட்டயேதான் சொல்லியிருப்பாரோ?" என்றார். "அதே ஆட்கள்தான்னு எங்க போட்டிருக்கு?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. போடலைதான். ஆனா அதே கூட்டம். அதை வச்சு பத்து நிமிஷம் அவங்களே விவாதிச்சாங்க, அண்ணன் பக்கமே யாரும் திரும்பல. நாலாவது கேள்விக்கு நேரமே இல்லாமப் போச்சு. வருத்தம்தான், எனக்குப் பிடிச்ச கேள்வி.

எல்லா வாரமும் இப்படி நடக்காது. அஞ்சாவது மாதிரி சொந்த வாழ்க்கையைத் தொடுற கேள்வியை மாமியாரும் மருமகளும் ஒரே அறையில இருக்கும்போது வட்டமாச் சுத்தி ஒவ்வொருத்தரா கேட்காதீங்க. பொதுவா வைங்க, விரும்பினவங்க எடுத்துக்கட்டும். யாராவது உள்ளே ரொம்ப வலிக்கிற ஒண்ணைச் சொல்லிட்டா அங்கேயே தோண்டாதீங்க. கூட்டம் முடிஞ்சு தனியாப் பேசுங்க. அங்க சொன்னது அங்கேயே நிக்கணும்னு முதல் வாரமே சொல்லிடுங்க.

"தப்பான பதில் வந்தா என்ன டாக்டர் செய்றது, சும்மா விடணுமா?" எல்லாப் பயிற்சியிலயும் வர்ற கேள்வி. விட வேண்டாம். "எந்த வசனத்தை வச்சு சொல்றீங்க?"ன்னு கேளுங்க, கோர்ட் குரல்ல இல்லாம. பாதி நேரம் அவரே வசனத்தைத் தேடிப் பார்த்துட்டு திருத்திக்குவார். இல்லைன்னா, "மத்தவங்க எப்படிப் பார்க்கிறீங்க?"ன்னு குழுவுக்கு விடுங்க. அதுக்கப்புறமும் தப்பாவே நின்னா நீங்க சொல்லுங்க, ஒரு நிமிஷத்துல.

தலைவர் சொல்லியே ஆக வேண்டிய விஷயமும் உண்டு. "தாவீதின் குமாரன்"னு கூப்பிட்டா, யூதர்கள் எதிர்பார்த்த மேசியாவை, ராஜாவைக் கூப்பிடுறதுன்னு யாரும் யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கேள்வியாக் கேட்டு எல்லாரையும் முழிக்க வைக்கிறது அநியாயம். ஆரம்பத்துலயே ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுங்க. அண்ணனோட பதினாலு பாயிண்ட்ல நாலு இப்படிப் பிழைச்சுக்கிச்சு, அவருக்கு சந்தோஷம்.

அப்புறம் எல்லாக் கேள்விக்கும் முதல்ல பதில் சொல்ற ஒரு மாமா எல்லாக் குழுவுலயும் இருப்பார். அவரை எதிர்ல உட்கார வைக்காதீங்க, உங்க பக்கத்துல உட்கார வைங்க. கண் பார்வை படலைன்னா பாதி குறையும். மீதிக்கு, வசனம் வாசிக்கிற வேலையை அவருக்குக் கொடுங்க.

அடுத்த பயிற்சிக்கு வர்றவங்க போன்ல உங்க குழுவோட பத்து நிமிஷ ஆடியோ எடுத்துட்டு வாங்க, உறுப்பினர்கள்கிட்ட கேட்டுட்டு. நோட்டு வேண்டாம். அண்ணனும் வர்றார், இந்தத் தடவை வட்டம் போடுறது அவர்தான். பையன் இப்போ மூணாவது வரிசையில உட்கார்றான், பாட்டு முடிஞ்சப்புறமும் கை தட்டுறான். திரும்பிப் பார்க்கிறவங்க இன்னும் இருக்காங்க.