டீசல் விலை ஏறினால்

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே திருவண்ணாமலையில் டெண்டர் பேச்சு தொடங்கிவிடும். பந்தல், தடுப்புக் கம்பு, தண்ணீர் லாரி, விளக்கு, ஜெனரேட்டர் என்று ஊரே எதையாவது வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கும். அரசு அலுவலகங்கள் கேட்கும் ஒப்பந்தப்புள்ளிக்கு tntenders.gov.in தளமோ முத்திரையிட்ட உறையோதான் வழி. அங்கே மின்னஞ்சலில் விலை அனுப்பினால் அது விலையாகவே எடுத்துக்கொள்ளப்படாது. ஆனால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடும் தனியார் அறக்கட்டளைகளிலும் மடங்களிலும் சில இப்போது மின்னஞ்சலிலேயே விலை கேட்கின்றன. அப்படி அனுப்பும் மின்னஞ்சலின் முகப்புக் கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சிறு ஒப்பந்ததாரர்களுக்கு இந்தக் காகித வேலையைச் செய்து கொடுப்பது என் தொழில். எந்திரத்திலும் விலையிலும் குறையே இல்லாதவர்கள் இந்த ஒரு பக்கக் கடிதத்தால் தோற்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

செங்கம் சாலைப் பக்கம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தம்பி ஒருவர், அனுப்பத் தயாராக இருந்த மின்னஞ்சலைக் கைபேசியில் காட்டினார். ஓர் அறக்கட்டளை மூன்று இரவுகளுக்கு 62.5 கேவிஏ சைலன்ட் ஜெனரேட்டர் இரண்டு கேட்டிருந்தது; கூடவே அவசரத்துக்கு ஒன்று. விலை ஜிஎஸ்டி உட்பட இருக்க வேண்டும், டீசலும் ஆபரேட்டரும் ஒப்பந்ததாரர் பொறுப்பு, சொன்ன விலை 90 நாள் செல்ல வேண்டும், நடுவில் மாறக்கூடாது. முன்வைப்புத் தொகை பத்தாயிரம் ரூபாய். தகுதி ஆவணங்கள் தனியாக, விலை தனியாகக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கோப்பில். மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும்.

தம்பியின் கடிதத்தில் முதல் இரண்டு பத்தி தன் கடையின் பெருமை. கடைசியில் மூன்று வரி: “ஜிஎஸ்டி தனி. டீசல் விலை ஏறினால் வாடகை அதற்கேற்ப மாறும். இந்த விலை 30 நாட்களுக்கு மட்டும்.”

“இதெல்லாம் பில் புத்தகத்துல எப்பவும் போடறதுதான் அண்ணா. கவர் லெட்டரை யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்க?” என்றார்.

படிப்பார்கள். முதலில் படிப்பதே அதைத்தான். இணைப்பில் உள்ள படிவத்தில் “எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தில் “டீசல் விலை ஏறினால் மாறும்” என்று எழுதினால் அது நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தப்புள்ளி ஆகிவிடும். நால்வர் விலை சொல்லியிருக்கும் இடத்தில் மூன்று பேரின் விலை உறுதியானது, ஒருவருடையது மட்டும் மாறக்கூடியது என்றால் எப்படி ஒப்பிடுவது? அதனால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். விலை பிடிஎஃப்பைத் திறக்கவே மாட்டார்கள். கடிதமும் ஒப்பந்தப்புள்ளியின் ஒரு பகுதிதான். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒன்று ஒப்புதல், இல்லையென்றால் விலகல்.

அந்த டீசல் வரி எதைக் காப்பாற்றுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 62.5 கேவிஏ எந்திரம் முக்கால் பளுவில் ஓடினால் மணிக்கு 10 முதல் 12 லிட்டர் குடிக்கும். மூன்று இரவு, இரவுக்குப் பத்து மணி நேரம். 11 லிட்டர் என்று வைத்தால் ஓர் எந்திரத்துக்கு 330 லிட்டர். இரண்டுக்கும் 660. லிட்டருக்கு மூன்று ரூபாய் ஏறினாலும் கூடுதல் செலவு 1,980 ரூபாய். இந்த இரண்டாயிரத்துக்குப் பயந்து மொத்த வேலையையும் பணயம் வைத்திருக்கிறார். அந்தத் தொகையை விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டு வரியை அழித்தோம். ஜிஎஸ்டியையும் உள்ளே சேர்த்தோம். 30 நாள் 90 நாள் ஆயிற்று.

உண்மையிலேயே ஏற்க முடியாத நிபந்தனை இருந்தால் என்ன செய்வது? விலை அனுப்புவதற்கு முன், சந்தேகம் கேட்கக் கொடுத்த நாட்களுக்குள் கேட்க வேண்டும். தம்பிக்கு அப்படி ஒன்று இருந்தது. மழையில் பாதை மூடப்பட்டு எந்திரம் இடத்துக்குப் போக முடியாவிட்டால் அபராதம் உண்டா என்று அறிவிப்பில் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில், தீபத்துக்குச் சில நாட்கள் முன் மலைச்சரிவு நடந்து உயிர்கள் போன ஊர் இது. வீண் சந்தேகம் என்று யாரும் சொல்ல முடியாது. அதைத் தனி மின்னஞ்சலாகக் கேட்கச் சொன்னேன். நிர்வாகம் பாதையை மூடினால் அபராதம் இல்லை என்று, அறக்கட்டளை விலை கேட்டிருந்த எல்லோருக்கும் பொதுவாகப் பதில் வந்தது. இதையே கடிதத்தில் நிபந்தனையாக எழுதியிருந்தால் விலகல் ஆகியிருக்கும்.

பிறகு கடிதத்தைப் புதிதாக எழுதினோம். பெருமைப் பத்திகள் போயின. பொருள் வரியில் அறிவிப்பு எண், வேலையின் பெயர், நிறுவனத்தின் பெயர். உடல் பகுதி ஏறக்குறைய இப்படி:

“தங்கள் அறிவிப்பின்படி எங்கள் ஒப்பந்தப்புள்ளியை இத்துடன் அனுப்புகிறோம். அறிவிப்பின் எல்லா நிபந்தனைகளையும், பின்னர் வந்த விளக்கத்தையும் சேர்த்து, விலகல் ஏதுமின்றி ஏற்கிறோம். விலை 90 நாட்கள் செல்லும். முன்வைப்புத் தொகை செலுத்திய ரசீது இணைப்பு 1. ஜிஎஸ்டி பதிவு இணைப்பு 2. மின் ஒப்பந்ததாரர் உரிமம் இணைப்பு 3. மூன்று எந்திரங்களின் திறனும் சத்த அளவும் இணைப்பு 4, பக்கம் 1 முதல் 3. கையொப்பமிடும் அதிகாரக் கடிதம் இணைப்பு 5. விலைப்புள்ளி, கடவுச்சொல்லுடன், இணைப்பு 6. மொத்தம் ஆறு கோப்புகள்.”

பக்க எண் போடுவது சிறிய வேலைதான், ஆனால் அதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. அறிவிப்பும் அதையே கேட்டிருந்தது. “உண்டு” என்று எழுதிவிட்டு, எந்தப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறது என்று தேடியபோது, மூன்றாவது எந்திரத்துக்குத் தம்பி வைத்திருந்தது வேறொரு மாடலின் விவரத்தாள் என்று தெரிந்தது. பக்க எண் எழுதாமல் விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும். கடிதம் ஒன்று சொல்ல, இணைப்பு வேறொன்றைக் காட்டினால், படிப்பவர் இணைப்பைத்தான் நம்புவார்.

முன்வைப்புத் தொகையிலும் ஒரு சிக்கல் வந்தது. உத்யம் பதிவு இருப்பதால் கட்டத் தேவையில்லை என்று தம்பி நினைத்திருந்தார். அந்தச் சலுகை அரசுக் கொள்முதல் விதிகளில் வருவது. தனியார் அறக்கட்டளை தன் அறிவிப்பில் சொல்லாதவரை அங்கே செல்லாது. பத்தாயிரத்தைக் கட்டி ரசீதை முதல் இணைப்பாக வைத்தோம்.

எதை மன்னிப்பார்கள், எதை மன்னிக்க மாட்டார்கள் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஓரளவு வழி காட்டுகின்றன. 1991-இல் போத்தார் ஸ்டீல் வழக்கில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ கேட்ட இடத்தில் யூனியன் வங்கி சான்றளித்த காசோலை கொடுக்கப்பட்டிருந்தது. பணத்துக்கு உத்தரவாதம் இருக்கிறது, இது துணை நிபந்தனைதான் என்று நீதிமன்றம் அதை ஏற்றது. 2001-இல் படேல் இன்ஜினியரிங் வழக்கில், மேற்கு வங்க மின்வாரியத்தின் டெண்டரில் விலைகளைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டோம், திருத்த விடுங்கள் என்று கேட்டார்கள், அனுமதிக்கவில்லை. அரசு அமைப்புகளுக்கே இந்த நிலை. தனியார் அறக்கட்டளை காரணம் சொல்லாமலே ஒதுக்கிவிடலாம். அதனால் விலைப் பிடிஎஃப்பில் எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று வேறொருவரைப் படிக்கச் சொன்னோம்.

விலை கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. கோப்பின் பெயரிலும் வரக்கூடாது. தகுதி ஆவணங்களோடு வைக்கும் எந்திரப் பட்டியலில் விலைக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் விலைக்குப் போட்ட கடவுச்சொல்லால் பயனே இல்லை. அந்தக் கட்டங்களில் தொகைக்குப் பதில் “குறிப்பிடப்பட்டுள்ளது” என்று போட வேண்டும்.

அனுப்பும்போது அளவையும் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரை போகும். ஆனால் வழியில் குறியீடு மாறுவதால் கோப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். வாங்கும் பக்கத்தில் வரம்பு குறைவாக இருந்தால் கடிதம் திரும்பி வந்துவிடும். தம்பி கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தவை மட்டுமே 30 எம்பி. கறுப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்ததும் எல்லாம் சேர்ந்து 4 எம்பிக்குள் அடங்கின. டிரைவ் இணைப்பு அனுப்பலாமே என்று கேட்டார். கெடு முடிந்த பிறகும் உள்ளே கோப்பை மாற்ற முடியும் என்பதால் அதை ஏற்கத் தயங்குவார்கள், வேண்டாம் என்றேன். மதியத்துக்கு முன்பே அனுப்பினோம். கணக்கில் வருவது வந்து சேர்ந்த நேரம். திரும்பி வந்தால் மறுபடி அனுப்பக் கையில் அவகாசம் வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரி விளக்கம் கேட்க வேண்டிய ஆள். தம்பி தன் மேஸ்திரியின் எண்ணைப் போட்டிருந்தார், அவர்தான் எப்போதும் போன் எடுப்பாராம். ஆனால் பதில் சொல்ல அதிகாரம் உள்ளவர், அந்த மின்னஞ்சலைத் தானே திறந்து பார்ப்பவர், இணைப்பு 5-இல் பெயர் உள்ளவர் யாரோ அவரைத்தான் போட வேண்டும். தம்பியின் பெயரையே போட்டோம். போனில் எதைப் பேசினாலும் மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்காதவரை பதிவில் வராது என்பதையும் சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கேள்வி வந்தது. அவசர எந்திரமும் சைலன்ட் வகைதானா? இணைப்பு 4, பக்கம் 3-ஐப் பார்க்கவும், சத்த அளவு அங்கே உள்ளது என்று இரண்டு வரியில் பதில் எழுதினார். “கூடவே ஒரு ஃபோகஸ் லைட் இலவசமா தர்றேன்னு சேர்த்துடட்டுமா அண்ணா?” என்று கேட்டார். கூடாது. விளக்கம் என்றால், ஏற்கெனவே கொடுத்த ஆவணத்தை விளக்கலாம். விலையையோ சரக்கையோ தொட்டால் அது புதிய விலைப்புள்ளி ஆகிவிடும், மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள். அந்த வரி இல்லாமலே பதில் போயிற்று.

அடுத்த வாரம் தகுதிப் பகுதியில் தேறியவர்களிடம் கடவுச்சொல் கேட்டார்கள். முதலில் அனுப்பிய அதே முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும், கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் இரண்டையும் தவிர்த்துக் கடவுச்சொல் வைத்திருந்தோம். வேறொரு கைபேசியில் திறந்து பார்த்த பிறகே கோப்பை அனுப்பியிருந்தோம்.