அடுத்தடுத்த நாட்களில் பரீட்சையா? பின்னால் வருவதை முன்னால் படியுங்கள்



ரம்புக்கனை நகரிலிருந்து மேலே ஏறிப் போகும் பாதையில் உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். விடிவதற்கு முன்பே அம்மா பால் வெட்டப் போய்விடுவார். லயத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு குசினியும்தான். தங்கை தூங்கும் நேரம் வந்தால் விளக்கை அணைக்க வேண்டும். ஆகவே பாடசாலை நாட்களில் எனக்குக் கிடைத்த படிப்பு நேரம் மாலை 6.00 மணியிலிருந்து 8.30 வரை மட்டுமே. இந்த இரண்டரை மணித்தியாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் பாடசாலையில் முன்னோடிப் பரீட்சை நடந்தது. திங்கள் வரலாறு, செவ்வாய் கணிதம், புதன் விஞ்ஞானம், வியாழன் தமிழ். நான்கு நாட்கள், இடையில் ஓய்வு நாள் இல்லை. நான் மிக இலகுவாக ஒரு திட்டம் போட்டேன். முதலில் வருவது வரலாறு, ஆகவே முதலில் வரலாற்றைப் படிப்பது. மற்றவற்றை அந்தந்தப் பரீட்சைக்கு முதல் நாள் மாலையில் படிப்பது. பரீட்சைக்கு முந்திய ஒன்பது நாட்களில் பெரும்பகுதி வரலாற்றுக்கே போயிற்று.

திங்கட்கிழமை நன்றாகவே எழுதினேன். செவ்வாய்க்கிழமை கணிதம் முதலாம் பத்திரம் இரண்டு மணித்தியாலம், இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். பஸ் பிடித்து, மேடேறி வீட்டுக்கு வரும்போது ஐந்து மணி. குளித்து, தேநீர் குடித்துவிட்டு 10ஆம், 11ஆம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகங்கள் இரண்டையும் எடுத்து முதலாம் அலகிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அன்று அம்மா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. இரவு ஒரு மணிக்கும் நான் முதற் புத்தகத்தின் பாதியில்தான் இருந்தேன். மறுநாள் விஞ்ஞானத்தில் எனக்குக் கிடைத்தது 31 புள்ளிகள். சாதாரண சித்திக்கே 35 வேண்டும்.

எங்கள் கணித ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“செவ்வாய் பின்னேரம் உனக்கு எத்தனை மணித்தியாலம் இருந்தது?”

“ரெண்டரை, சேர்.”

“விஞ்ஞானப் புத்தகம் எத்தனை?”

“ரெண்டு, சேர்.”

“அப்படியென்றால் அன்றைக்கு நீ படிக்கவே தொடங்கியிருக்கக் கூடாது. முன்பே படித்து வைத்ததை எடுத்துப் பார்க்கத்தான் அந்த நேரம் போதும்.”

அதன் பின்னர் அவர் காட்டித் தந்த ஒழுங்கையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பின்னிருந்து எண்ணுங்கள்

இரண்டு பரீட்சைகளுக்கு இடைப்பட்ட மாலை ஒரு பாடத்தைப் படிக்கும் நேரம் அன்று. ஆகவே தொடராக வரும் நான்கு பாடங்களுக்கும் உரிய மீட்டல், முதலாவது பரீட்சைக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் எதை முதலில் முடிப்பது? கடைசியில் வரும் பாடத்தைத்தான். என்னுடைய அதே ஒன்பது நாட்களைச் சேர் இப்படிப் பிரித்துக் காட்டினார்:

சனி, ஞாயிறு – தமிழ்
திங்கள், செவ்வாய், புதன் – விஞ்ஞானம்
வியாழன், வெள்ளி – கணிதம்
சனி, ஞாயிறு – வரலாறு
திங்கள் – பரீட்சை ஆரம்பம்

வியாழக்கிழமை வரும் தமிழ் முதலில் முடிகிறது. திங்கட்கிழமை வரும் வரலாறு கடைசியில், பசுமையாக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் முடிக்கும்போது ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அதன் சுருக்கத்தை எழுதி வைக்க வேண்டும். இடைப்பட்ட மாலையில் உங்கள் கையில் இருக்க வேண்டியது புத்தகமல்ல, அந்த ஒரு தாள்தான்.

“முதலில் படித்த தமிழ், அதன் பரீட்சை வரும்போது மறந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மறக்கும்தான். எவ்வளவு மறக்கும் என்பது படித்த முறையைப் பொறுத்தது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்த பின் தாளை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு நாட்களின் பின்னரும் ஒரு வாரத்தின் பின்னரும் சோதித்தபோது மூடிவிட்டு எழுதியவர்களே முன்னால் நின்றார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு விதி கிடைக்கிறது. எந்தப் பாடத்தின் பரீட்சை தூரத்தில் இருக்கிறதோ, அந்தப் பாடத்தின் சுருக்கத்தைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். மூடிவிட்டு எழுதுங்கள். விடுபட்டதைப் பிறகு சிவப்பு மையால் சேருங்கள். உங்களுக்கு மறக்கும் இடங்கள் அந்தச் சிவப்பு வரிகள்தான்.

கணிதத்துக்கு மட்டும் இது போதாது. அது கை பழக வேண்டிய பாடம். ஆகவே ஒன்பது நாட்களிலும், அன்றைய பாடம் எதுவாக இருந்தாலும், கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு கணிதமாவது செய்யுங்கள்.

தொடர்குறிப்பு என்றால் என்ன?

வணிகக் கல்வி படிக்கும் மாணவர்களுக்குத் தெரியும். ஒரு மாதக் கணக்கை முடிக்கும்போது மீதியைக் கீழே கொண்டு சென்று அடுத்த மாதத்தைத் தொடங்குவோம். முழுக் கணக்கையும் திரும்ப எழுதுவதில்லை, மீதியை மட்டுமே கொண்டு போகிறோம். ஒரு பரீட்சையிலிருந்து அடுத்த பரீட்சைக்கும் அவ்வாறே ஒரு சிறு மீதியைக் கொண்டு போகலாம். அதையே நான் தொடர்குறிப்பு என்கிறேன்.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்ததும், பத்து நிமிடத்துக்குள், அரைத் தாளில் ஆறு வரிகளுக்கு மேற்படாமல் இதை எழுத வேண்டும். இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே இதில் விடை இருக்கும். இன்றைய பாடத்தில் எது நாளைய பாடத்துக்கும் பயன்படும்? இன்று மண்டபத்தில் நான் விட்ட எந்தத் தவறு நாளையும் வரக்கூடும்?

கணிதத்திலிருந்து விஞ்ஞானத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இதோ:

1. சூத்திரத்தின் எழுவாயை முதலில் மாற்று. பிறகு எண்களைப் பிரதியிடு.
2. 1 m² = 10 000 cm²
3. வேக–நேர வரைபில் படித்திறன் = ஆர்முடுகல்; பரப்பளவு = இடப்பெயர்ச்சி.
4. விடையோடு அலகையும் எழுது.
5. இன்று கடைசி வினாவுக்கு ஏழு நிமிடமே மிஞ்சியது. நாளை நடுவில் ஒரு தடவை மணியைப் பார்.

இரண்டாம் வரியின் பெறுமதியைப் பாருங்கள். 500 N விசை 200 cm² பரப்பளவில் செங்குத்தாகத் தாக்கினால் அமுக்கம் என்ன? P = F/A. நான் 500ஐ 200ஆல் வகுத்து 2.5 Pa என்று எழுதினேன். 200 cm² என்பது 0.02 m². ஆகவே சரியான விடை 500 ÷ 0.02 = 25 000 Pa. சூத்திரம் எனக்குத் தெரியும். பரப்பளவின் அலகை மாற்றவும் தெரியும். முதல் நாள் கணிதத்தில் அதைச் சரியாகவே செய்திருந்தேன். இரண்டு பாடங்களுக்கும் இடையில்தான் அது விழுந்துபோயிற்று.

மூன்றாம் வரியும் அப்படித்தான். ஓய்விலிருந்து புறப்பட்ட பொருள் சீராக வேகம் கூடி 5 செக்கனில் 10 m s⁻¹ வேகத்தை அடைகிறது. படித்திறன் 10 ÷ 5 = 2, ஆகவே ஆர்முடுகல் 2 m s⁻². கோட்டின் கீழுள்ள முக்கோணியின் பரப்பளவு ½ × 5 × 10 = 25, ஆகவே இடப்பெயர்ச்சி 25 m. கணிதத்தில் படித்த நேர்கோட்டின் படித்திறனும் முக்கோணியின் பரப்பளவும்தான் இங்கே வேறு பெயரில் வருகின்றன.

எல்லாப் பாடங்களுக்கும் இடையில் இப்படிப் பொதுவான விடயம் இருக்காது. வரலாற்றிலிருந்து கணிதத்துக்குக் கொண்டு போக அதிகமில்லை. அவ்வாறான நாளில் மண்டபத் தவறுகளை மட்டும் எழுதினால் போதும். வினா இலக்கத்தைப் போட மறந்தது, ‘ஒப்பிடுக’ என்று கேட்டதற்கு ஒரு பக்கத்தை மட்டும் விபரித்தது போன்றவை இரண்டு வரிகளில் அடங்கும். இல்லாத தொடர்பைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

எழுதி முடித்த வினாத்தாளின் விடைகளும் இக்குறிப்பில் இடம்பெறக் கூடாது. பஸ்ஸில் நண்பர்கள் விடைகளை ஒப்பிடுவார்கள். ‘மூன்றாவதில் என் விடை பிழை’ என்று அறிவதால் நாளைக்கு எடுத்துச் செல்ல எதுவும் கிடைக்காது. ‘நான் அலகை மாற்றவில்லை’ என்பதே எடுத்துச் செல்லத்தக்கது.

அந்த இரண்டரை மணித்தியாலம்

இனி அந்த மாலையைப் பங்கிடுவோம். 6.00 முதல் 6.10 வரை தொடர்குறிப்பு எழுதுதல். 6.30 வரை நாளைய பாடத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தை வாசித்தல். 8.00 மணி வரை சிவப்பு வரிகள் அதிகமுள்ள இரண்டு அல்லது மூன்று அலகுகளில் மட்டும் கடந்தகால வினாக்களைச் செய்தல். பின்னர் சுருக்கத்தை மூடிவிட்டு அதன் தலைப்புகளை எழுதிப் பார்த்தல். 8.30க்குப் புத்தகப் பையையும் அனுமதி அட்டையையும் ஒழுங்குசெய்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

இந்த முறை எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சுருக்கத்தில்தான் பிழைக்கும். வாசிக்க இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அது சுருக்கமல்ல, புத்தகத்தின் பிரதி. மூடிவிட்டுப் பாதி வரிகளையாவது சொல்ல முடியாவிட்டால், அதை எழுதியது உங்கள் கை மட்டுமே. என் முதலாவது வரலாற்றுச் சுருக்கம் ஆண்டுகளின் வெறும் பட்டியலாக இருந்தது: 1815, 1833, 1867, 1931. இரண்டு நாட்களில் அவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிறகு ஒவ்வோர் ஆண்டோடும் ஒரு காரணத்தையோ விளைவையோ சேர்த்தேன். ‘1867 – கண்டிக்குப் புகையிரதம், கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக’ என்று எழுதியபோது, எங்கள் ரம்புக்கனை நிலையத்தைக் கடந்து போகும் பாதை அது என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு பிறகு மறக்கவில்லை.

இன்னுமொரு வரம்பு உண்டு. ஆண்டு முழுவதும் தொடாத அலகை இந்த ஒன்பது நாட்களுக்குள் புதிதாகக் கற்க முயலாதீர்கள். அரைகுறையாகத் தெரிந்ததை முழுமையாக்குவதற்கே இக்காலம் போதும். மூன்று நாட்களே மிஞ்சியிருந்தாலும் வரிசை மாறாது. ஒரு பாடத்துக்கு எடுக்கும் அலகுகளின் எண்ணிக்கையே குறையும்.

உண்மையான பரீட்சையில் பாடங்களின் வரிசை முன்னோடிப் பரீட்சையைப் போல இருக்கவில்லை. இடையில் ஓய்வு நாட்களும் வந்தன. ஓய்வு நாள் வந்தால் தொடர் அங்கே முடிகிறது. அடுத்த தொடரைத் தனியாக எண்ண வேண்டும். நான் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இடைவெளியின்றி வரும் நாட்களை வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்தின் கடைசிப் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி கிடைத்தது. இன்று அந்தப் பாடத்தைத்தான் கற்பிக்கிறேன்.

உங்கள் நேர அட்டவணை கைக்குக் கிடைத்ததும் முதலில் ஒரு பென்சிலை எடுங்கள். அடுத்தடுத்து வரும் நாட்களை வட்டமிடுங்கள். வட்டத்தின் கடைசியில் எந்தப் பாடம் இருக்கிறதோ, அந்தப் புத்தகத்தை அன்று மாலையே திறவுங்கள்.