விடுமுறைப் பட்டியலும் வாழ்த்து மடலும்

அலுவலகத்தில் பண்டிகை வாழ்த்து எழுதுகிறவர்கள் அரசு விடுமுறைப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பிசகு அங்கேதான் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பட்டியலில் மார்ச் 30 தெலுங்கு வருடப் பிறப்பு, 31 ரம்ஜான், ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்தி, 14 தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும், 18 புனித வெள்ளி. எல்லாவற்றுக்கும் ஒரே மடல் போதும் என்று எங்கள் சென்னை அலுவலகத்தில் ஒரு வரைவு தயாரானது: “வசந்தம் வந்துவிட்டது! உகாதி, ரம்ஜான், மகாவீர் ஜெயந்தி, தமிழ்ப் புத்தாண்டு, புனித வெள்ளி எனக் கொண்டாட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அனைவரும் இனிப்பு உண்டு மகிழ வாழ்த்துகள்!”

பங்குனி வெயிலில் வசந்தத்தைக் கண்டுபிடித்த துணிச்சலை விட்டுவிடுவோம். புனித வெள்ளிக்கு இனிப்பு என்பதுதான் முதலில் உறுத்தும். இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் அது. கிறிஸ்தவர்கள் நோன்பிருந்து தேவாலயத்தில் நீண்ட ஆராதனையில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வது ஞாயிறன்று, உயிர்ப்புப் பெருவிழாவில். ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு என்பதால் அதற்குத் தனி விடுமுறை தேவைப்படுவதில்லை. பட்டியலில் இல்லாததால் அதற்குரிய வாழ்த்து வெள்ளிக்கிழமையின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. மொகரத்துக்கும் இதே கதி. விடுமுறை அந்த மாதத்தின் பத்தாம் நாளுக்கு. ஷியா முஸ்லிம்களுக்கு அது கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட துக்க நாள். சுன்னிகளில் பலர் அன்று நோன்பிருப்பார்கள். இரு நாட்களுக்கும் “அலுவலகம் விடுமுறை” என்று மட்டும் சொன்னால் போதும், குறையே இல்லை.

பட்டியலில் இல்லாதது இன்னொன்று, ரம்ஜான் மாதம். நோன்புப் பெருநாள் ஒரு நாள். நோன்போ அதற்கு முந்தைய ஒரு மாதம். அந்த ஆண்டு ரம்ஜான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டன. அந்த மாதத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி விருந்துக்கு “அனைவரும் தவறாமல் வருக” என்று அழைத்தால், பகலில் தண்ணீர்கூடக் குடிக்காதவரும், வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்கரும் காரணம் சொல்லி ஒதுங்க வேண்டியிருக்கும். எங்கள் ஆண்டிறுதிக் கூட்டத்தையும் மாலை 6 மணிக்கு வைத்திருந்தார்கள். மார்ச் கடைசியில் சென்னையில் நோன்பு திறக்கும் நேரம் ஏறக்குறைய ஆறேகால். கூட்டத்தை 4 மணிக்கு மாற்றியது எந்த வாழ்த்தையும்விடப் பெரிய உபகாரம்.

ஏப்ரல் 14 தமிழர்களுக்குள்ளேயே சிக்கலானது. தை முதல் நாளே புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அது விலக்கப்பட்டது. தை என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2025இல் அதே நாள் மலையாளிகளுக்கு விஷு. அம்பேத்கர் பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு 2022இல் சமத்துவ நாளாக அறிவித்தது. புத்தாண்டை மட்டும் எழுதிவிட்டு அம்பேத்கரை விடுவது பல அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதை மறதி என்று நான் நம்பத் தயாரில்லை.

வம்பே வேண்டாம், “பண்டிகைக் கால வாழ்த்துகள்” என்று பொதுவாகப் போட்டுவிடலாமே என்றார் மேலாளர். எல்லாப் பண்டிகைக்கும் அப்படியே போட்டால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் தீபாவளி வந்தால் மத்தாப்புப் படத்தோடு பெயர் சொல்லி வாழ்த்துகிறோம், பெருநாளுக்கு மட்டும் பொதுச்சொல்லா? பெயர் சொன்னால் எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

கடைசியில் மடலை இரண்டாகப் பிரித்தோம். முதலாவது வெறும் விடுமுறை அறிவிப்பு. அதில் மார்ச் 31க்கு அருகே “பிறை தென்படுவதைப் பொறுத்து மாறலாம்” என்று சேர்த்தோம். நாளை உறுதிசெய்வது அரசுத் தலைமை காஜியின் அறிவிப்பு. வாழ்த்தோ அந்தந்த நாளுக்குத் தனித்தனியாக, ஒற்றை வரியில் போனது: “நாளை நோன்புப் பெருநாள் கொண்டாடும் நண்பர்களுக்கு ஈத் முபாரக்.” “உகாதி கொண்டாடுவோருக்கு வாழ்த்துகள்.” “ஏப்ரல் 14: சித்திரை முதல் நாளும் விஷுவும் கொண்டாடுவோருக்கு வாழ்த்துகள். இன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள், சமத்துவ நாள்.” புனித வெள்ளியன்று எதுவும் போகவில்லை, ஞாயிறன்று ஈஸ்டர் வாழ்த்து போனது. யார் என்ன உண்ண வேண்டும், யாரோடு மகிழ வேண்டும் என்று எதிலும் சொல்லவில்லை. விடுதியில் தனியாக இருப்பவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அதே மடலைத்தான் வாசிக்கிறார்கள்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். போன வருட மடலில் தேதியை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். இஸ்லாமிய ஆண்டு பத்துப் பதினொரு நாள் குறைவு. ஈஸ்டரும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2026இல் புனித வெள்ளி ஏப்ரல் 3, சித்திரைக்கு முன்பே வந்துவிடுகிறது.